அறுபத்தேழு இடங்களும் ஒரு பாட்டும்

காலையில் திருக்கடையூரில் அப்பாவுக்குச் சஷ்டியப்தபூர்த்தி. மாலையில் மயிலாடுதுறையில் ஒரு மண்டபத்தில் விருந்து. மாலை நிகழ்ச்சியில் அப்பாவின் அறுபது வருடத்தையும் பெரிய திரையில் ஓடவிட வேண்டும் என்பது பிள்ளைகளின் ஆசை. தஞ்சாவூரில் ஆசிரியையாக இருக்கும் மூத்த மகள் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு வார்த்தை சொன்னதுதான் தாமதம், பத்தே நாளில் அவருடைய லேப்டாப்பில் 412 படங்கள் சேர்ந்துவிட்டன. சிங்கப்பூரில் இருக்கும் தம்பி அனுப்பியது, சித்தப்பா வீட்டில் இருந்தது, அத்தையின் பீரோவுக்குள் பழைய ஆல்பத்தில் ஒட்டிக்கிடந்தது என்று எல்லாம் ஒரே ஃபோல்டரில் கலந்து கிடந்தன.

இந்த இடத்தில்தான் பலரும் அவசரப்பட்டு ஏதோ ஒரு செயலியைத் திறந்து, படங்களை மொத்தமாக உள்ளே கொட்டிவிடுகிறார்கள். 412 படங்களை ஐந்து ஐந்து விநாடி காட்டினால் 34 நிமிடத்துக்கு மேல் ஆகும். சாப்பாட்டுப் பந்தி போட்டுவிட்டுக் காத்திருக்கும் கூட்டம் அவ்வளவு நேரம் உட்காராது. படங்கள் எத்தனை என்பதை ஃபோல்டர் தீர்மானிக்கக் கூடாது. பாட்டுதான் தீர்மானிக்க வேண்டும்.

எனவே இந்த மகள் முதலில் படத்தைத் தொடவில்லை, பாட்டைத் தேர்ந்தெடுத்தார். அப்பா கல்யாணமான புதிதில் அடிக்கடி முணுமுணுத்த சினிமாப் பாட்டு அது. அதன் நீளம் 4 நிமிடம் 30 விநாடி, அதாவது 270 விநாடி. ஒரு படத்துக்கு 5 விநாடி. ஒன்று மங்க, அடுத்தது மெல்லத் தெளிந்து வருவதற்கு 1 விநாடி. இப்போது கணக்கு போட வேண்டும். 270-ஐ 5-ஆல் வகுத்தால் 54. ஆகவே 54 படம் போதும் என்று தோன்றும்.

போதாது. ஒரு படம் மறையும்போதே அடுத்த படம் வரத் தொடங்கிவிடுவதால், அந்த 1 விநாடியை இரண்டு படங்களும் பங்கிட்டுக்கொள்கின்றன. முதல் படம் 5 விநாடி எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு வரும் ஒவ்வொன்றும் மொத்த நீளத்தில் 4 விநாடியைத்தான் கூட்டும். 54 படம் வைத்தால் வீடியோ 217 விநாடியில் முடிந்துவிடும். பாட்டு மட்டும் இன்னும் 53 விநாடி கறுப்புத் திரையோடு ஓடிக்கொண்டிருக்கும். மண்டபங்களில் கடைசிச் சரணத்தின்போது திரை இருண்டுபோய், ‘கட் ஆயிடுச்சு’ என்று யாராவது எழுந்து ஓடுவதற்கு இந்தக் கணக்குப் பிழைதான் பெரும்பாலும் காரணம். படங்களின் எண்ணிக்கையை 4-ஆல் பெருக்கி 1-ஐக் கூட்டினால் சரியான நீளம் கிடைக்கும். 67 படம் என்றால் 269 விநாடி. 270 விநாடிப் பாட்டுக்கு இதைவிடப் பொருத்தம் வேண்டாம்.

ஆக, 412-லிருந்து 67 இடங்களை நிரப்ப வேண்டும். எண்ணிக்கை முன்கூட்டியே தெரிந்துவிட்டால் தேர்வு செய்வது எளிதாகிவிடுகிறது. ஒரே பிறந்தநாள் கேக்கை வெட்டும் ஒன்பது படங்களில் எட்டைத் தள்ளுவதற்கு மனசு இடம்கொடுக்கும்.

அடுத்தது வரிசை. ஃபோல்டரில் ‘தேதி வாரியாக அடுக்கு’ என்று சொன்னால் போதுமே என்று நினைத்தவருக்கு ஏமாற்றம்தான். அப்பா அரை டிராயரோடு நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம் வரிசையின் கடைசியில், போன வாரம் எடுத்த செல்ஃபிக்கும் பின்னால் போய் நின்றது. அத்தை அந்தப் பழைய படத்தைத் தன் போனில் படம்பிடித்து முந்தாநாள்தான் அனுப்பியிருந்தார். கணினிக்குத் தெரிந்தது அந்த நாள் மட்டுமே. வாட்ஸ்ஆப்பில் வரும் படத்தின் பெயர் `IMG-20250302-WA0014` என்பதுபோல இருக்கும். அதில் உள்ள எண்கள் படம் பரிமாறப்பட்ட நாளைத்தான் காட்டுகின்றன, எடுத்த நாளை அல்ல. கேமரா உள்ளே எழுதிவைத்த தேதியும் அனுப்பும் வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது.

அதனால் பெயர்களைக் கையால் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. அந்த மகள் 010, 020, 030 என்று பத்துப் பத்தாகத் தாவி எண் கொடுத்தார். 1, 2, 3 என்று கொடுத்தால் இரண்டு தொல்லைகள் வரும். சில மென்பொருள்கள் எழுத்து வரிசையில் அடுக்குவதால் 1-க்கு அடுத்து 10, 11 என்று போய், பிறகுதான் 2-க்கு வரும். இன்னொன்று, இரண்டு படங்களுக்கு நடுவே புதிதாக ஒன்றைச் செருக வேண்டுமானால் அதற்குப் பின்னால் உள்ள எல்லாப் பெயரையும் மாற்ற வேண்டிவரும். 030-க்கும் 040-க்கும் நடுவில் 035-க்கு இடம் எப்போதும் உண்டு.

எந்தப் படம் எந்த வருடம் என்ற சந்தேகத்தை அத்தையின் ஆல்பம் தீர்த்துவைத்தது. சில படங்களின் பின்பக்கத்தில் தாத்தா பென்சிலால் தேதி எழுதியிருந்தார். ஸ்டுடியோவின் முத்திரையும் இருந்தது. போனில் வந்த நகலில் அந்தப் பின்பக்கம் எப்படி வரும்? அதனால் கழற்ற முடிந்த படங்களை எல்லாம் இரு பக்கமும் எடுத்துக்கொண்டார்.

கழற்ற முடிந்தவற்றை மட்டும்தான். பிளாஸ்டிக் தாளும் பசைக்கோடுகளும் கொண்ட பழைய ஆல்பங்களில், படம் பல வருடங்களாகப் பசையோடு இறுகிப்போயிருக்கும். நகத்தால் பிய்த்தால் முகத்தோடு சேர்ந்து மேல்தோல் உரிந்து வந்துவிடும். வராத படத்தை ஆல்பத்தில் இருந்தபடியே எடுத்துவிடுவது நல்லது. நேர் வெயில் படாத ஜன்னலோரம் ஆல்பத்தை வைத்து, பிளாஷை அணைத்து, போனை ஆல்பத்துக்கு இணையாகப் பிடிக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் கூரையும் ஜன்னலும் பளபளத்தால், போனுக்குப் பின்னால் இன்னொருவர் ஒரு கறுப்புத் துணியைத் திரைபோல விரித்துப் பிடித்தால் போதும். அத்தை தன் கறுப்புக் குடையை விரித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

கழன்று வந்த படங்கள் ஸ்கேனருக்குப் போயின. அங்கே ஒரே ஒரு எண்தான் முக்கியம், அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்பது. திரையில் ஓடும் வீடியோ 1920 புள்ளி அகலமும் 1080 புள்ளி உயரமும் கொண்டது. ஆறங்குல அகலமுள்ள போஸ்ட்கார்டு சைஸ் படத்தை 300 புள்ளியில் ஸ்கேன் செய்தால் 1800 புள்ளி அகலம்தான் கிடைக்கும், கொஞ்சம் பற்றாது. 600-இல் வைத்தால் 3600 கிடைக்கும். அந்த உபரி எதற்கு என்பது குரூப் போட்டோ வரும்போது தெரியும். பாட்டியின் படம் என்று இருந்தது ஒரே ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, 35 மில்லிமீட்டர் அகலம். அதற்கு மட்டும் 1200 வைத்தார். 1600 புள்ளிக்கு மேல் கிடைத்தது. திரை அகலத்தில் பாட்டி கண் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

1991-ஆம் வருடக் கல்யாண ஆல்பத்தில் கலர்ப் படங்கள் எல்லாம் செம்மண் பூசியதுபோல இருந்தன. அந்தக் காலத்துக் கலர்ப் பிரிண்டில் மூன்று சாயங்கள் உண்டு. அவற்றில் நீலப்பச்சைச் சாயம் இருட்டில் வைத்திருந்தாலும் மற்றவற்றைவிட வேகமாக மங்கும் வகை பரவலாக இருந்தது. அது மங்கியதும் சிவப்பு மேலோங்கிவிடுகிறது. அதைவிடப் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் வெள்ளித்துகளால் ஆனவை என்பதால் இன்னும் கறுப்பும் வெள்ளையுமாகவே நிற்கின்றன. செம்மை ஏறிய படத்தைத் திருத்தும்போது அம்மாவின் கூறைப்புடவை என்ன நிறம் என்று அம்மாவிடமே கேட்டுவிட வேண்டும். மென்பொருள் ஊகிக்கும் நிறம் அவருக்கு உடனே தப்பாகத் தெரியும்.

தம்பி சிங்கப்பூரிலிருந்து அனுப்பியவற்றில் வேறு சிக்கல். வாட்ஸ்ஆப் சாதாரணமாக அனுப்பும் படத்தைச் சுருக்கிவிடும். நீளப்பக்கம் 1600 புள்ளி அளவுக்குக் குறைந்துவிடும். முழுப் படமாகக் காட்ட அது தாங்கும். அதில் ஒரு மூலையை வெட்டிப் பெரிதாக்கினால் முகம் கட்டம் கட்டமாகத் தெரியும். அதே படத்தை ‘டாகுமென்ட்’ வழியாக அனுப்பச் சொன்னதும் மூலப்படம் அப்படியே வந்தது. ஐபோனில் எடுத்தவை `.HEIC` என்று முடிந்தன. பல மென்பொருள்களும் பழைய லேப்டாப்களும் அதைத் திறக்காமல் வெள்ளைக் கட்டமாகவே காட்டும். எல்லாவற்றையும் முதலிலேயே ஜேபெக்காக மாற்றி வைத்துக்கொண்டால் நடு ராத்திரியில் தேட வேண்டியிருக்காது.

இனிதான் மென்பொருள். காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. ஷாட்கட் என்ற மென்பொருள் இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், வீடியோவின் மூலையில் தன் முத்திரையைக் குத்தாது. திறந்ததும் வீடியோ வகையை `HD 1080p 25 fps` என்று வைத்துவிட்டு, 67 படங்களையும் `Playlist` பகுதியில் இழுத்துப் போட வேண்டும். அனைத்தையும் தேர்ந்தெடுத்து, அந்தப் பகுதியின் பட்டியலில் உள்ள `Add Selected to Slideshow` என்பதைத் தட்டினால் ஒரு சிறு பெட்டி திறக்கும். படத்துக்கு எத்தனை விநாடி, மாற்றத்துக்கு எத்தனை விநாடி, மாற்றம் எந்த மாதிரி, படத்தைத் திரையில் எப்படிப் பொருத்துவது என்று நாலைந்து கேள்விகள்தான் அதில் இருக்கும். 5 என்றும் 1 என்றும் கொடுத்து, மாற்றத்துக்கு `Dissolve` என்று வைத்தார் மகள். படங்கள் வரிசையாகப் போய் உட்கார்ந்ததும் மொத்த நீளம் 4:29 என்று காட்டுகிறதா என்று பார்த்தார். காட்டியது.

மாற்றத்துக்கு வேறு வகைகளும் உண்டு. பக்கவாட்டில் துடைப்பதுபோல, வட்டமாக விரிவதுபோல என்று எத்தனையோ வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஒன்று மாற்றினால் பார்ப்பவர் கண் அந்த வித்தையைத்தான் பார்க்கும். ஒன்று மங்கி இன்னொன்று தெளிவது போதும். 67 முறை வந்தாலும் அது கண்ணை உறுத்தாது.

‘எப்படிப் பொருத்துவது’ என்ற கேள்வியில் கொஞ்சம் நிற்க வேண்டும். திரை படுத்த நீள்சதுரம். போனில் நிமிர்த்திப் பிடித்து எடுத்த படம் நின்ற நீள்சதுரம். 3-க்கு 4 என்ற அளவில் உள்ள அப்படிப்பட்ட படத்தை முழுதாகக் காட்டினால் 1080 உயரத்துக்கு 810 அகலம்தான் வரும். இரண்டு பக்கமும் 555 புள்ளி காலியாகக் கிடக்கும். அதை நிரப்ப `Crop Center` என்று வைத்தால், படம் திரையின் முழு அகலத்துக்கு விரிந்து, உயரத்தில் பாதிக்கும் குறைவாகவே மிஞ்சும். நிற்கும் ஆளுக்குத் தலையும் போய்விடும், காலும் போய்விடும், இடுப்பும் வேட்டிக் கரையும்தான் இருக்கும். `Pad Blur` என்று வைத்தால் படம் முழுதாக நடுவில் நிற்கும். அதே படத்தின் மங்கலான விரிவு பின்னால் நிரம்பிக்கொள்ளும். ஒருவரின் தலையும் போகாது.

நின்ற படங்கள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது இன்னும் அழகு. 810-ஐ இரட்டித்தால் 1620. மிச்சமுள்ள 300-ஐ ஓரங்களுக்கும் நடுவுக்கும் நூறு நூறாகப் பிரித்துவிடலாம். கல்யாணத்துக்கு முன்னால் பெண் வீட்டுக்குப் போன அப்பாவின் ஸ்டுடியோ படமும், மாப்பிள்ளை வீட்டுக்கு வந்த அம்மாவின் ஸ்டுடியோ படமும் முப்பத்துச் சொச்சம் வருடம் கழித்து ஒரே திரையில் அடுத்தடுத்து நின்றன. இந்த ஜோடிப் படத்தை மட்டும் முன்பே வேறொரு படம் திருத்தும் செயலியில் சேர்த்து ஒரே கோப்பாக வைத்துக்கொள்ள வேண்டும்.

குரூப் போட்டோவுக்கு 5 விநாடி பற்றாது. தாத்தா வீட்டுத் திண்ணையில் 23 பேர் நிற்கும் படம் திரையில் வந்தால், மண்டபத்தில் உள்ள ஒவ்வொருவரும் தன்னைத் தேடுவார்கள். கண்டுபிடிப்பதற்குள் படம் போய்விடும். அந்த மகள் அதே படத்தை மூன்று இடத்தில் வைத்தார். முதலில் முழுப் படம், அடுத்து இடது பக்கத்தின் வெட்டு, அதற்கடுத்து வலது பக்கத்தின் வெட்டு. 600 புள்ளியில் எடுத்திருந்ததால் பாதிக்குச் சற்று மேல் வெட்டினாலும் 1920 அகலம் குறையாமல் கிடைத்தது. முகங்கள் தெளிவாக இருந்தன. இப்படி மூன்று குரூப் போட்டோக்கள். ஒவ்வொன்றும் இரண்டு இடத்தைக் கூடுதலாகக் கேட்டதால் 67 இடத்தில் 61 படங்களே அடங்கின. ஆறு படங்களை விட்டுக்கொடுத்து 23 பேரின் முகத்தைக் காட்டியது நியாயமான பேரம்.

படம் அசையாமல் நின்றால் ஆல்பத்தைப் புரட்டுவதுபோல இருக்கும். மிக மெதுவாக நெருங்கி வருவதுபோல அசைத்தால் உயிர் வரும். உள்நாட்டுப் போரைப் பற்றி 1990-இல் தொலைக்காட்சித் தொடர் எடுத்த அமெரிக்க ஆவணப்பட இயக்குநர் கென் பர்ன்ஸ் இந்த உத்தியைப் பழைய போட்டோக்களில் அழகாகக் கையாண்டதால், அது இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. ஷாட்கட்டில் அதற்கு `Zoom` என்று ஒரு சதவீதம் கேட்கும். 10-க்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. அதிகம் வைத்தால் ஓரத்தில் நிற்கும் பெரியம்மா மெல்ல மெல்லச் சட்டத்துக்கு வெளியே போய்விடுவார்.

பாட்டோடு படத்தைச் சேர்ப்பதில் ஒரே ஒரு இடத்தைக் குறிபார்த்தால் போதும். இந்தப் பாட்டில் பல்லவி முடிந்து முதல் இடையிசை 85-ஆவது விநாடியில் எழும்புகிறது. தாலி கட்டும் படம் அங்கே விழ வேண்டும் என்பது மகளின் விருப்பம். படங்கள் நாலு விநாடிக்கு ஒன்றாகத் தொடங்குவதால் 22-ஆவது இடத்துப் படம் 84-ஆவது விநாடியில் தெளியத் தொடங்கி, 85-இல் முழுதாக நிற்கும். அவ்வளவுதான், அந்தப் படத்தை 22-ஆவது இடத்தில் வைத்துவிட்டு மற்றவற்றை முன்னும் பின்னும் நிரப்பினார். எல்லாப் படத்தையும் தாளத்தோடு பொருத்தப் போனால் ஒரு வாரம் ஆகும், யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். இந்த ஒன்று பொருந்தினால் எல்லாமே பொருந்தியதுபோல இருக்கும். கடைசியில் பாட்டின் முனையில் உள்ள சிறு வட்டத்தைப் பிடித்து உள்பக்கம் இழுத்து, 4 விநாடியில் ஓசை தேய்ந்து அடங்கும்படி செய்தார்.

பாட்டுக்கு உரிமை வேண்டாமா என்று தம்பி கேட்டார். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, உண்மையான சமயச் சடங்கின்போது பாட்டு ஒலிபரப்புவதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. திருமண ஊர்வலமும் திருமணத்தையொட்டிய கொண்டாட்டங்களும் அதில் சேரும் என்று அதிலேயே விளக்கம் உண்டு. 2023 ஜூலையில் மத்திய அரசும் இதை நினைவூட்டி அறிவிப்பு வெளியிட்டது. யூடியூபில் ஏற்றுவது இதில் சேராது. அங்கே தானாகவே பாட்டை அடையாளம் கண்டு, வீடியோவை முடக்கவோ ஓசையை அணைக்கவோ செய்யலாம். வராத உறவினர்களுக்காக ஏற்ற நினைத்தால், யூடியூபின் ஆடியோ லைப்ரரியில் இலவசமாகக் கிடைக்கும் இசையைச் சேர்த்து இன்னொரு பிரதி எடுத்து வைத்துக்கொள்வதே வழி. பாட்டுச் செயலிகளில் ‘டவுன்லோடு’ செய்த பாட்டு பூட்டிய கோப்பாக இருப்பதால் ஷாட்கட்டுக்குள் வராது என்பதையும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். இந்தக் குடும்பத்தில் அப்பாவிடமே அந்தப் பாட்டின் சிடி இருந்தது.

படத்தின் மேல் எழுத்து வேண்டுமென்றால் யூனிகோடு எழுத்துருவில் அடிக்க வேண்டும். ஸ்டுடியோக்களில் இன்னும் புழங்கும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அத்தனையும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யூனிகோடில் அடித்தும் ‘பொ’ என்ற எழுத்தின் கொம்பும் காலும் தனித்தனியே சிதறி, நடுவில் புள்ளி வட்டம் தெரிந்தால், அந்தச் செயலிக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியவில்லை என்று அர்த்தம். அப்போது எழுத்தை வேறு இடத்தில் படமாகச் செய்து கொண்டுவந்து வைத்துவிடுவது மேல்.

ஏற்றுமதி செய்யும்போது ஷாட்கட் முதலில் காட்டும் எம்பி4 அமைப்பையே வைத்துக்கொள்ளலாம். அதில் உள்ள எச்.264 முறை ஏறக்குறைய எந்த லேப்டாப்பிலும் டிவியிலும் ஓடும். கோப்பு விநாடிக்கு ஒரு எம்பி என்ற அளவில் வந்தாலே தரம் தாராளம். இந்த வீடியோ 270 எம்பிக்குள் அடங்கியது.

மண்டபத்துத் திரையைப் பற்றி மகள் முன்கூட்டியே விசாரித்தார். வாடகை எல்இடி திரை 12 அடி அகலம், 8 அடி உயரம், புள்ளிக்குப் புள்ளி 3 மில்லிமீட்டர். கணக்குப் போட்டுப் பார்த்தால் இவ்வளவு பெரிய திரையில் அகலவாக்கில் சுமார் 1200 புள்ளியும் உயரவாக்கில் 800 புள்ளியும்தான். கையில் உள்ள போனைவிடக் குறைவு! அதனால்தான் லேப்டாப்பில் பளிச்சென்று தெரியும் பொடி எழுத்து அங்கே உடைந்து போகிறது. அவர் எழுத்தை 80 புள்ளி உயரத்துக்குக் குறையாமல் வைத்தார். திரையின் அடிப்பகுதியை மேடையில் நிற்பவர்களின் தலை மறைக்கும் என்பதால் எழுத்தை மேலே ஏற்றினார். 12-க்கு 8 என்பது வீடியோவின் 16-க்கு 9 என்ற அளவோடு பொருந்தாது. திரைக்காரர் அதை இழுத்து நிரப்பினால் எல்லோரும் ஒல்லியாக, நெட்டையாகத் தெரிவார்கள். ‘மேலும் கீழும் கறுப்பு விட்டாலும் பரவாயில்லைண்ணே, இழுக்க மட்டும் வேண்டாம்’ என்று அவரிடம் சொல்லிவைத்தார்.

நிகழ்ச்சியன்று நாலு மணிக்கே ஒரு முறை ஓட்டிப் பார்த்ததில் ஒரு வேடிக்கை நடந்தது. படம் சரியாக வந்தது. ஓசையும் வந்தது. வயலினும் தபலாவும் கேட்டன. பாடுபவரின் குரலை மட்டும் காணவில்லை. வீடியோவில்தான் கோளாறு என்று மகள் பதறிவிட்டார். கோளாறு வயரில் இருந்தது. லேப்டாப்பின் ஹெட்போன் துளையிலிருந்து இடது, வலது என்று இரண்டு ஓசை வருகிறது. சவுண்டு சர்வீஸ்காரர் இரண்டையும் ஒரே பின்னில் கொண்டுபோய் மிக்சரின் மைக் துளையில் செருகியிருந்தார். அந்தத் துளை ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து, மிச்சத்தைத்தான் வெளியே விடும். மைக் வயரில் இரைச்சலை நீக்குவதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். பாடகரின் குரல் இரண்டு பக்கமும் சமமாகப் பதிவாகியிருப்பதால் கழித்ததும் பூஜ்யமாகிவிடுகிறது. இடதும் வலதும் தனித்தனிப் பின்னாகப் பிரியும் வேறு வயரைப் போட்டதும் குரல் திரும்பி வந்தது. பேச்சையோ வெறும் ‘செக் செக்’கையோ மைக்கில் சொல்லிச் சோதித்திருந்தால் இது தெரிந்திருக்காது. அதே வீடியோவை, அதே லேப்டாப்பில், அதே வயரில் ஓட்டியதால்தான் தெரிந்தது.

அதற்கு முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்கு அத்தை வந்து சேர்ந்தார். கையில் ஒரு கவர். ‘அம்மாடி, இது ஒண்ணு பொட்டி அடியில கெடந்துச்சு. உங்கப்பா என்னை முதல் தடவை காலேஜுல கொண்டுவிட்டப்ப எடுத்தது. இதையும் சேத்துடுறியா?’ கண்டக்டர் பையோடு யாரோ ஒருவர் பாதி தெரிய, மாயவரம் பஸ் ஸ்டாண்டில் அண்ணனும் தங்கையும் தகரப் பெட்டியோடு நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம்.

68-ஆவதாக அதை வைத்தால் வீடியோ 273 விநாடி ஆகும், பாட்டு 270-இல் முடிந்துவிடும். தாலி கட்டும் படத்துக்கு முன்னால் செருகினால் இடையிசையும் நாலு விநாடி தவறிவிடும். முதல் 21 இடங்களில் ஒன்று போயாக வேண்டும். மகள் பட்டியலை மேலும் கீழும் பார்த்தார். அப்பா சைக்கிளில் தனியாக உட்கார்ந்திருக்கும் படங்கள் இரண்டு இருந்தன. ஒன்றை வெளியே எடுத்தார். ஜன்னல் இல்லாத அந்த நேரத்தில் அத்தையின் படத்தைச் சாப்பாட்டு மேசை மேல் குழல்விளக்கின் கீழ் வைத்து, குடையை மறுபடி விரிக்கச் சொல்லி எடுத்து, `165` என்று பெயர் கொடுத்து 160-க்கும் 180-க்கும் நடுவில் வைத்தார். மொத்த நீளம் மீண்டும் 4:29 என்று காட்டியது.